தீபாவளி விளம்பரச் செலவு யார் கணக்கில்?

‘மார்க்கெட்டிங் குழுவினருக்கு வணக்கம். வரும் நிதியாண்டுக்கான பட்ஜெட்டைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீங்கள் செய்த செலவைப் பொருள் வகைவாரியாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள். நன்றி.’

நம்மூர் அலுவலகங்களில் இந்த மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், சில இடங்களில் மலாயில் வரும். அனுப்புபவர் நிதி மேலாளர். படிக்க ஐந்து விநாடி போதும். பதில் எழுத உட்காரும்போதுதான் மார்க்கெட்டிங்காரர்கள் தலையைச் சொறிகிறார்கள். ஏனென்றால் அவர்கள் பணத்தைப் பொருள் வகைவாரியாகச் செலவு செய்வதில்லை. தீபாவளிக்கு, பள்ளி விடுமுறைக்கு, புதிய கடை திறப்புக்கு என்று நிகழ்ச்சிவாரியாகத்தான் செலவு செய்கிறார்கள். வானொலி நிலையத்திலிருந்து போகும் இன்வாய்ஸிலும் ‘தீபாவளி விளம்பரம்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அது எந்தப் பொருளுக்கு என்ற விவரம் பல நேரங்களில் அதில் இருக்காது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஓர் உணவுப்பொருள் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மசாலாத் தூள், முறுக்கு, ஊறுகாய் என மூன்று வகைகளை விற்கிறது. அந்த மூன்று மாதங்களில் விளம்பரச் செலவு 60,000 ரிங்கிட். இதில் 33,000 ரிங்கிட்டுக்குச் சிக்கலே இல்லை. மசாலாவுக்கு 18,000, முறுக்குக்கு 12,000, ஊறுகாய்க்கு 3,000 என்று தெளிவாக இருக்கிறது. இன்னொரு 7,000 ரிங்கிட் நிறுவனத்தின் பெயர்ப் பலகைக்கும் பொதுவான படப்பிடிப்புக்கும் போனது. மீதி 20,000 ரிங்கிட்தான் வானொலியில் ஒலித்த தீபாவளி விளம்பரம். இதை எப்படிப் பிரிப்பது?

பலரும் எடுக்கும் குறுக்கு வழி, விற்பனை விகிதப்படி பிரிப்பது. மொத்த விற்பனையில் மசாலா 60 விழுக்காடு, முறுக்கு 30, ஊறுகாய் 10 என்றால், 20,000 ரிங்கிட்டில் மசாலாவுக்கு 12,000, முறுக்குக்கு 6,000, ஊறுகாய்க்கு 2,000. ஐந்து நிமிடத்தில் எக்செல் தாள் தயார். கூட்டிப் பார்த்தால் கணக்கும் சரியாக வரும்.

ஆனால் வானொலியில் உண்மையில் ஒலித்தது என்ன? எந்த விளம்பரம் எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனது என்பது நிலையத்தின் ஒலிபரப்புப் பதிவில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. மொத்தம் 100 விளம்பரங்கள், ஒன்றுக்கு 200 ரிங்கிட். அவற்றில் 60 முறுக்குக்கு, 25 மசாலாவுக்கு, மூன்றையும் சேர்த்துச் சொன்னவை 15. ஊறுகாய்க்கென்று தனியாக ஒன்றுகூட இல்லை. ஆக, முறுக்குக்கு 12,000, மசாலாவுக்கு 5,000, பொதுவில் 3,000 ரிங்கிட்.

(இங்கே எளிமைக்காக ஒரே விலை வைத்திருக்கிறேன். நடைமுறையில் காலையில் எல்லாரும் வேலைக்குக் காரோட்டும் நேரம் விலை கூடுதல், பின்னிரவு மலிவு. அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு நேரத்துக்கும் போட்ட விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பனை விகிதப்படி மசாலாவின் மொத்தச் செலவு 30,000, முறுக்கு 18,000, ஊறுகாய் 5,000. ஒலிபரப்புப்படி மசாலா 23,000, முறுக்கு 24,000, ஊறுகாய் 3,000. பொதுச் செலவு 10,000.

முதல் கணக்கை நம்பி நிதி மேலாளர் பட்ஜெட் போட்டால் என்ன ஆகும்? அடுத்த தீபாவளிக்கு முறுக்குக்கு 18,000 ரிங்கிட்தான் ஒதுக்கப்படும். அதே அளவு விளம்பரம் செய்ய 6,000 குறையும். அந்தக் குறை தெரிய வருவது, விளம்பரத்துக்கு இடம் பிடிக்க வேண்டிய கடைசி வாரங்களில்தான். ஊறுகாயின் நிலை இன்னும் மோசம். ‘ஐயாயிரம் செலவு செய்தும் விற்பனை நகரவில்லையே’ என்று யாராவது அதை நிறுத்தச் சொல்லலாம். வானொலியில் அதற்கெனத் தனி விளம்பரம் ஒன்றுகூடப் போகவில்லை என்பது அந்தத் தாளில் எங்கும் தெரியாது.

குறுக்கு வழியைக் கண்டுபிடிப்பது எளிது. தாளில் வரிசைக்கு வரிசை 60, 30, 10 என்று ஒரே விகிதம் திரும்பத் திரும்ப வந்தால், யாரும் இன்வாய்ஸைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். ‘பொது’ என்ற பத்தியே இல்லாவிட்டாலும் சந்தேகப்படலாம். மூன்று பொருளையும் ஒரே மூச்சில் சொல்லும் விளம்பரத்தை நேர்மையாகப் பிரிக்க வழியில்லை. அதைப் பொதுவிலேயே வைத்து, அப்படியே எழுதிக் காட்டுவதுதான் சரி. பிறகு அதை எப்படிப் பகிர்வது என்பதை நிதிப் பிரிவு முடிவு செய்துகொள்ளட்டும்.

பிரித்து முடித்த பிறகும் இரு பிரிவுகளின் மொத்தத் தொகை ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. அதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு.

ஒன்று, மாதம். டிசம்பரில் ஒலித்த விளம்பரத்துக்கு இன்வாய்ஸ் ஜனவரியில் வரலாம். மார்க்கெட்டிங் அதை ஆர்டர் கொடுத்த செப்டம்பரில் எழுதியிருக்கும். நிதிப் பிரிவுக்கு வேண்டியது இரண்டுமல்ல, விளம்பரம் ஒலித்த மாதம். இன்வாய்ஸ் இன்னும் வராவிட்டாலும் அந்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, வரி. மலேசியாவில் விளம்பரச் சேவைக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. முன்பு இருந்த ஜிஎஸ்டியில், பதிவு பெற்ற நிறுவனங்கள் தாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடிந்தது. சேவை வரியில் அப்படிக் கழிக்க முடியாது. அது நிறுவனத்தின் செலவாகவே நின்றுவிடும். அதனால் மார்க்கெட்டிங் தாளில் 20,000 என்று இருக்கும் வானொலிச் செலவு, நிதிப் பிரிவின் கணக்கில் 21,600 ஆக இருக்கும். இருவரும் சொல்வது சரி. ஆனால் எதைச் சொல்கிறோம் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆகவே கேட்பவரும் கொஞ்சம் விளக்கமாகக் கேட்டால் இருவருக்கும் வேலை குறையும். அதே மின்னஞ்சலை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒலித்த அல்லது வெளிவந்த விளம்பரங்களின் செலவு வேண்டும். விற்பனை அறிக்கையில் உள்ள அதே மூன்று பொருள் வகைகள், நான்காவதாகப் பொது. பிரிக்க முடியாததைப் பொதுவில் போடுங்கள். ஊகித்துப் பிரிக்க வேண்டாம். தொகை வரிக்கு முன், வரி தனிப் பத்தியில். இன்வாய்ஸ் வராதவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள். இதை வைத்துத்தான் ஒவ்வொரு வகைக்கும் வரும் ஆண்டின் தொகையை ஒதுக்கப் போகிறோம்.’

கடைசி வரியைக் கவனியுங்கள். கேள்வி எதற்காக என்று தெரிந்தால், ஊறுகாயைப் பார்த்துக்கொள்பவர் தன் 3,000 ரிங்கிட்டை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பார்.

மார்க்கெட்டிங் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதை ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே செய்ய வேண்டும். வானொலிக்கோ நாளிதழுக்கோ ஆர்டர் அனுப்பும்போது, ‘இன்வாய்ஸில் முறுக்கு, மசாலா, பொது என்று மூன்று வரியாகப் போடுங்கள்’ என்று எழுதிவிடுங்கள். விளம்பரம் போடும் எங்களுக்கு அது இரண்டு வரி கூடுதல் வேலை, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து, ஒலிபரப்புப் பதிவைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக எண்ணுவதற்குத்தான் அரைநாள் ஆகும்.