கைக்கு வருவது எவ்வளவு?

எங்கள் ஊர் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் இந்த வெள்ளிக்கிழமை தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. அதன் அறிவிப்பின் அடியில் வழக்கம்போல, இம்முகாமில் வேலை பெறுவோரின் வேலைவாய்ப்புப் பதிவு ரத்து செய்யப்படமாட்டாது என்று அச்சிட்டிருந்தும், ஸீனியாரிட்டி போய்விடும் என்று பயந்து பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர் எங்கள் தெருவிலேயே இருப்பது எனக்குப் பெரும் எரிச்சலை மூட்டிற்று. மூன்றாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க மறந்தால்தான் அந்த மூப்புக்கு ஆபத்தே தவிர, ஆலையில் வேலைக்குப் போவதால் அன்று.

இந்த எரிச்சலை விஸ்தரித்து எழுதவே உட்கார்ந்தேன். அதற்குள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த எதிர்வீட்டுப் பையன் முகாமிலிருந்து வந்து, "மாமா, பதினைந்தாயிரம் சம்பளம்!" என்று சொல்லிவிட்டான். என் கணக்குப் பித்தை அறிந்த வாசகர்கள், நான் முகாமை அங்கேயே விட்டுவிட்டுப் பென்சிலைத் தேடியதற்காக ஆச்சரியப்பட மாட்டார்கள்.

15,000 என்பது மொத்தச் சம்பளமாகவும், வருங்கால வைப்புநிதிக்கு அது முழுவதும் கணக்கில் சேர்வதாகவும் வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவிகிதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. ஆனால் அதே 15,000-ஐ நிறுவனம் சி.டி.சி. என்று சொல்லியிருந்தால், முதலாளி கட்டவேண்டிய வைப்புநிதிப் பங்கும் கட்டணங்களுமாகிய பதின்மூன்று சதவிகிதமும், இ.எஸ்.ஐ.யின் மூன்றேகால் சதவிகிதமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 12,903 ஆகச் சுருங்கி, அதிலிருந்து பையனின் சொந்தப் பங்கும் கழிந்தபின் கையில் நிற்பது 11,258 மாத்திரமே. பஸ்ஸுக்கும் விடுதிக்கும் கான்டீனுக்கும் பிடித்தால் அது இன்னும் குறையும்.

மூன்றாவதாக ஒரு சாத்தியம் உண்டு. அப்ரண்டிஸ் பயிற்சிக்கென்று எடுத்திருந்தால், தருவது சம்பளமன்று, உதவித்தொகை; வைப்புநிதி, இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையா. ஆகவே பிடித்தமின்றிக் கைக்கு வரும் தொகை முதல் மாதத்தில் பெரிதாகத் தோன்றினாலும், பயிற்சி முடிந்தபின் வேலையில் அமர்த்தவேண்டுமென்று 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு அந்தப் பயிற்சிச் சான்றிதழ் பிற்பாடு பிரயோஜனப்படும் என்பதையும் மறுப்பதற்கில்லை. தெரிந்தே சேர்ந்தால் குற்றமில்லை.

"முகாமில் கொடுத்த வேலைக் கடிதத்தில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது?" என்று பையனைக் கேட்டேன். முகாமில் பலகை வைத்திருந்த நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அப்படியானால் வைப்புநிதி கட்டவேண்டியவரும், பிணக்கு வந்தால் முதலில் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. திங்கட்கிழமை அந்த மனிதரிடம் தொலைபேசியில், இது சி.டி.சி.யா, மொத்தச் சம்பளமா, வைப்புநிதிக் கணக்கு எண் முதல் மாதமே கிடைக்குமா என்று கேட்கச் சொன்னேன்.

"இவ்வளவு கேட்டால் வேலை கொடுப்பாரா, மாமா?"

"கோபித்துக்கொண்டால், பதில் எது என்று உனக்கே தெரிந்துவிடும்" என்றேன்.