தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் போதுமா? பள்ளிக் குழந்தைகளிடம் ஆய்வு செய்வதில் உள்ள சிக்கல்

திருவனந்தபுரத்தில் எம்.எட். படிக்கும் ஒருவர் தன் ஆய்வுக்காக ஓர் அரசுப் பள்ளிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் இருக்கிறது, கல்வித் துறையின் அனுமதி இருக்கிறது. தலைமையாசிரியரும் சரி சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பு டீச்சர் அவரை வகுப்புக்குள் அழைத்துப்போய், "இந்த அக்கா குடுக்கிற பேப்பரை எல்லாரும் நிரப்பிக் குடுங்க" என்கிறார். அரை மணி நேரத்தில் 40 தாள்கள் திரும்பி வந்துவிடுகின்றன.

அந்த 40 பேரில் எத்தனை பேர் உண்மையில் சம்மதித்தார்கள்? யாருக்கும் தெரியாது. ஆனால் ஆய்வேட்டில் "பங்கேற்பாளர்களின் சம்மதம் பெறப்பட்டது" என்று ஒரு வரி வந்துவிடும். பள்ளிக்குள் நடக்கும் ஆய்வுகளின் அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கம்மத்தில் என்ன நடந்தது?

இந்தியாவில் இந்தச் சிக்கல் வெட்டவெளிச்சமானது ஒரு மருத்துவ ஆய்வில். 2009-ல் அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. பாத் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசுகள் ஆகியவை சேர்ந்து இதை நடத்தின. கம்மத்தில் பலர் பழங்குடியினர் விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள். சில சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் தப்பவில்லை.

2013-ல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின்படி, ஆந்திராவில் 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-ல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பெற்றோர் வேறு ஊரில் இருக்க, பள்ளியே பெற்றோராகிவிட்டது.

கல்வி ஆய்வில் ஊசி இல்லை, உண்மைதான். ஆனால் வழி ஒன்றேதான்: குழந்தையை ஆளும் நிறுவனம், குழந்தையின் சார்பில் 'சரி' சொல்லிவிடுகிறது.

அனுமதி வேறு, சம்மதம் வேறு

தலைமையாசிரியர் தருவது பள்ளிக்குள் நுழைய அனுமதி. அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பெற்றோரின் சம்மதமும் குழந்தையின் சொந்த இசைவும் தனித்தனியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள், 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்து மூலமான இசைவும் கேட்கின்றன. இவை உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்காக எழுதப்பட்டவை என்றாலும், கல்வி ஆய்வுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

"விருப்பம் இல்லாத பெற்றோர் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று கடிதம் கொடுத்துவிடும் பழக்கமும் உண்டு. கடிதம் திரும்பி வராவிட்டால் சம்மதம் என்று கணக்கு. திருவனந்தபுரத்தில் மலையாளக் கடிதத்தைப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெற்றோர் இருக்கிறார்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் கடிதத்தை சம்மதம் என்று எண்ண முடியாது.

இல்லை என்று சொல்ல முடிகிறதா?

வகுப்பறையில் பெரியவர் ஒருவர் தாள் கொடுத்தால் அது பரீட்சை. நிரப்பாமல் கொடுத்தால் டீச்சர் திட்டுவார், மார்க் குறையும் என்றுதான் பிள்ளை நினைக்கும். ஆய்வாளர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவரை அழைத்து வந்தது டீச்சர்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மறுத்தவர்களை எண்ணுவது. 40-க்கு 40 பேரும் சம்மதித்திருந்தால், மறுக்கும் வழி இருந்ததா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சில மாற்றங்கள் உதவும். முதல் நாள் ஆய்வைப் பற்றிச் சொல்லிவிட்டு, இன்னொரு நாள் வந்து கேட்கலாம். அப்போது டீச்சர் வகுப்புக்கு வெளியே இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி உறை கொடுத்து, விருப்பமில்லாதவர்கள் வெற்றுத் தாளையே உள்ளே வைத்து ஒட்டித் தரலாம் என்று சொன்னால், யார் மறுத்தார்கள் என்று பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரியாது. "நடுவுல நிறுத்தணும்னா என்ன செய்வீங்க?" என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தால், சொன்னது புரிந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

பெயரை மாற்றினால் மறைந்துவிடுமா?

திருவனந்தபுரம் நகரில் தமிழ் வழி அரசுப் பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கட்டுரையில், "நகரின் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி, அப்பா சாலை பஜாரில் சுமைதூக்கும் தொழிலாளி, அம்மா இல்லை" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் 'செல்வி' என்று மாற்றினால் என்ன ஆகும்? வெளியூர் வாசகருக்கு அவள் யாரென்று தெரியாது. அவளுடைய டீச்சருக்கு ஒரே நிமிடத்தில் தெரியும். அந்த மாணவி டீச்சர் அடிப்பதைப் பற்றிச் சொல்லியிருந்தால், அடுத்த நாளே அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பயிற்றுமொழி, அப்பாவின் தொழில், குடும்ப நிலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அவளைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆய்வுக்குத் தேவையான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். பள்ளிக்குக் கொடுக்கும் அறிக்கையில், ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேர்தான் இருந்தால் அந்தப் பிரிவைத் தனியாகக் காட்டாமல் இன்னொன்றோடு சேர்த்துவிடலாம்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லலாமா?

கூடாது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் கேரளம் உட்பட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையான பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அப்போது போக்சோ சட்டம் இல்லை. 2012-ல் வந்த அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை.

அப்படியென்றால் பெயரே இல்லாத தாளில் கேட்டுவிடலாமே? அதில் வேறு சிக்கல். 40 தாள்களில் ஒன்றில், "வீட்ல மாமா என்கிட்ட தப்பா நடந்துக்கிறார்" என்று எழுதியிருக்கிறது. எழுதியது யார் என்று தெரியாது. உதவி கேட்ட குழந்தை உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் உங்களால் அதை அடையாளம் காண முடியாது.

அதனால் இதை வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டும் என்றால், தாள்களுக்கு எண் கொடுத்து, எண்ணும் பெயரும் உள்ள பட்டியலைப் பள்ளிக்கு வெளியே பூட்டி வைக்க வேண்டும். அன்றே பேச ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே நேராகச் சொல்ல வேண்டும்: "நீங்க சொல்றதை உங்க டீச்சர்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உங்களைக் காயப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா, உதவி செய்யறவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்."

இதைக் கேட்ட பிறகு சில பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். ஆய்வுக்குத் தரவு குறையும். ஆனால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை அந்தப் பிள்ளைகள் தெரிந்தே முடிவு செய்திருப்பார்கள்.

அடுத்த முறை பள்ளி மாணவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு உங்கள் கைக்கு வந்தால், முடிவுரைக்குப் போகும் முன் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: எத்தனை பிள்ளைகள் மறுத்தார்கள் என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா?