'காது மருந்து' என்று ஒரு மருந்து இல்லை

இந்திய மருந்துக் கடைகளில் நாள்தோறும் கேட்கப்படும் ஆபத்தான சொற்றொடர்களுள் ஒன்று 'காதுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்' என்பது. தமிழில் அது 'காது மருந்து'. இந்தியில் 'கான் கீ தவா'. ஆங்கிலம் கலந்து பேசுவோருக்கு 'இயர் ட்ராப்ஸ்'. எந்த மொழியில் கேட்டாலும் பெயர் ஒன்றே. ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கவே முடியாத மூன்று வகைப் பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கேட்பவருக்கும் அந்த வேறுபாடு தெரிவதில்லை; விற்பவரும் அதைச் சொல்வதில்லை. பெயரின் இந்தச் சோம்பலுக்கு விலை கொடுப்பது, செவிப்பறையில் ஓட்டை உள்ள மனிதரின் கேட்கும் திறன்.

முதல் வகை, குரும்பியை இளக்குவது. இந்தியாவில் பரவலாக விற்கப்படும் குரும்பி மருந்து ஒன்றின் கலவை இது: பாராடைக்குளோரோபென்சீன் 2 விழுக்காடு, பென்சோகெய்ன் 2.7 விழுக்காடு, குளோர்பூட்டால் 5 விழுக்காடு, டர்பென்டைன் எண்ணெய் 15 விழுக்காடு. பூச்சி உருண்டை செய்யப் பயன்படும் வேதிப்பொருள், மரத்துப்போகச் செய்யும் மருந்து, கிருமி தடுக்கும் பொருள், பெயின்ட் கரைக்கும் எண்ணெய் ஆகியவை ஒரே குப்பியில் இருக்கின்றன என்று பொருள். இரண்டாம் வகை, நீந்துவோருக்கானது. நீச்சலுக்குப் பின் காதுக்குழாயில் தங்கும் நீரை உலர்த்துவதும், அங்குக் கிருமியும் பூஞ்சையும் வளராதபடி அமிலத்தன்மையைக் கூட்டுவதும் அதன் வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 95 விழுக்காடும் கிளிசரின் 5 விழுக்காடும் கலந்தது, அல்லது 2 விழுக்காட்டு அசெட்டிக் அமிலம், இவ்வகையின் அறியப்பட்ட வடிவங்கள். மூன்றாம் வகை, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து. இதை மருத்துவர் எழுதித் தரவேண்டும்.

முதல் இரண்டு வகைகளும் ஓர் எடுகோளின் மீதே செய்யப்பட்டவை. காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, உட்புறம் மூடிய ஒரு குழாய். ஊற்றும் மருந்து அதைத் தாண்டிப் போகாது என்பதே அந்த எடுகோள். மூடியாக நிற்பது செவிப்பறை. பேச்சுவழக்கில் 'காது ஜவ்வு'. அதன் தடிப்பு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதில் ஓட்டை விழுந்தால் குழாய்க்கு அடி இல்லை. ஊற்றியது நடுச்செவிக்குள் இறங்கும்.

இறங்கினால் என்ன ஆகும்? குழாயின் உட்பூச்சு தோல். ஆல்கஹாலையும் டர்பென்டைனையும் ஓரளவு தாங்கும். நடுச்செவியின் உட்பூச்சோ மூக்கின் உட்புறம் போன்ற ஈரமான மென்சவ்வு, தாங்காது. எரியும், வீங்கும், சீழ் பிடிக்கும். அதைவிட முக்கியமானது, நடுச்செவியின் உட்சுவரில் உள்ள 'வட்டச் சாளரம்' என்ற சிறு திறப்பு. அதை மூடியிருக்கும் மிக மெல்லிய சவ்வுக்கு அப்பால் உட்செவியின் நீர்மம். அதில்தான் ஒலியை நரம்புக்குச் சொல்லும் மயிரணுக்கள் உள்ளன. ஆல்கஹால், அசெட்டிக் அமிலம், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை நடுச்செவியை அடையும்போது உட்செவிக்குக் கேடு விளைவிப்பதை விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் இச்சவ்வைக் கடந்தால் கடும் தலைச்சுற்றல் வரும். மனிதரின் மயிரணு இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். தில்லியில் ஒரு விடுதி மாணவர், வயது இருபத்து நான்கு. ஐந்தாறு வயதில் வலக்காதில் இரண்டு மழைக்காலம் சீழ் வடிந்தது. பிறகு தானே நின்றது. வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கோடையில் நீச்சல் பழகுகிறார். நான்காம் நாள் காது அடைத்துக்கொள்கிறது. 'பையா, கான் கீ தவா' என்று கடையில் கேட்கிறார். 'அடைப்பா, வலியா?' என்கிறார் கடைக்காரர். 'அடைப்பு.' குரும்பி மருந்து கைக்கு வருகிறது. இரவு ஒருக்களித்துப் படுத்து ஐந்து சொட்டு விடுகிறார். அறைத்தோழர் கற்றுக்கொடுத்தபடி காதின் முன்னுள்ள குருத்தெலும்பு மடிப்பை விரலால் பலமுறை அழுத்துகிறார். அரை நிமிடத்தில் காதுக்குள் நெருப்பு. சற்றுப் பின் தொண்டையில் கசப்பும் டர்பென்டைன் வாடையும். எழுந்து நின்றால் அறை சுழல்கிறது, வாந்தி.

இதில் ஒவ்வோர் அறிகுறியும் ஒரு செய்தி. தொண்டையில் மருந்தின் சுவை தெரிந்தது, மருந்து செவிப்பறையைத் தாண்டி நடுச்செவிக்குள் சென்று, அங்கிருந்து மூக்கின் பின்புறம் திறக்கும் குழாய் வழியே இறங்கியதால். முழுமையான செவிப்பறை உள்ள ஒருவருக்கு அது நிகழ வழியில்லை. தலைச்சுற்றல், மருந்து சமநிலை உறுப்பை எட்டியதன் அடையாளம். மடிப்பை அழுத்தியதோ ஒரு பம்பை இயக்கியதற்குச் சமம். ஓட்டையுள்ள காதுக்குத் தகுந்த மருந்தை உள்ளே செலுத்த மருத்துவர்கள் சொல்லித்தரும் உத்தி அது. தகாத மருந்துக்கும் அதே விசையோடு வேலை செய்யும்.

'அவருக்கு ஓட்டை இருப்பது அவருக்கே தெரியாதே, கடைக்காரர் என்ன செய்வார்?' என்பது வழக்கமான மறுமொழி. உண்மையில் இந்த மறுமொழிதான் குற்றச்சாட்டின் மையம். உலர்ந்த ஓட்டை வலிக்காது. சற்றே மந்தமான கேள்வித்திறனோடு ஒருவர் அதைப் பல்லாண்டுகள் சுமந்து திரியலாம். குரும்பி அடைத்திருந்தால் மருத்துவராலும் அதைக் காண முடியாது. குரும்பிக்குப் பின்னால் ஓட்டை ஒளிந்திருக்கும். ஆகவே 'ஓட்டை இருக்கிறதா?' என்ற கேள்வி பயனற்றது. கேட்கவேண்டியது காதின் வரலாறு. இந்தக் காதில் எப்போதாவது, குழந்தைப் பருவத்திலாவது, சீழோ நீரோ வடிந்ததுண்டா? காதில் அறுவை செய்ததோ குழாய் பொருத்தியதோ உண்டா? அண்மையில் காதில் அறை விழுந்ததா, அருகில் வெடி வெடித்ததா, குச்சி குத்தியதா. பின் வலியோ இரத்தமோ கேள்விக் குறைவோ வந்ததா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் குப்பி அலமாரியிலேயே இருக்கவேண்டும். மூக்கைச் சிந்தும்போது காது வழியாகக் காற்று சீறுகிறது என்றால் கேள்வியே தேவையில்லை. தில்லி மாணவரிடம் முதல் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் விடை கிடைத்திருக்கும்.

இன்னொரு மறுப்பு சற்று நுட்பமானது: 'சீழ் வடியும் காதுக்கு மருத்துவர்களே சொட்டு மருந்து தருகிறார்களே?' ஆம், தருகிறார்கள். அது மூன்றாம் வகை. ஓஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை உட்செவிக்குத் தீங்கற்றவை என்று அறியப்பட்டதால் ஓட்டையுள்ள காதிலும் விடப்படுகின்றன. அதே வகையில் ஜென்டாமைசின், நியோமைசின் ஆகியவை உட்செவிக்கு நஞ்சாகக்கூடியவை. எனவே 'மருத்துவர் போன ஆண்டு எழுதித் தந்தார்' என்பது வேறொரு குப்பிக்கான அனுமதிச் சீட்டு அல்ல. இதில் உள்ளுணர்வுக்கு எதிரான ஓர் உண்மையும் உண்டு. சீழ் பிடித்த நடுச்செவியில் வட்டச் சாளரத்தின் சவ்வு வீங்கித் தடித்திருப்பதால் ஓரளவு தடையாகிறது. உலர்ந்த, 'நலமான' ஓட்டைக் காதில் அந்தத் தடையும் இல்லை. ஆகவே 'காது நன்றாகத்தானே இருக்கிறது' என்று எண்ணுபவருக்கே கேடு எளிதாக நேரும்.

இனி, குப்பியின் மொழிக்கு வருவோம். எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தாலும், பெரும்பாலும் அது பொடி ஆங்கில எழுத்தில் 'பெர்ஃபரேட்டட் டிம்பானிக் மெம்பரேன்' என்றிருக்கும். 'காது ஜவ்வில் ஓட்டை' என்று தமிழிலும் 'கான் கா பர்தா பட்னா' என்று இந்தியிலும் சந்தைக்குப் போகும் பாட்டிக்கும் தெரிந்த ஒரு பொருளை, தெரியாத பொருளாக மாற்றுகிற வேலையை அந்த மூன்று சொற்கள் செய்கின்றன. ஆங்கிலமே முதன்மை மொழியான அமெரிக்காவில்கூடக் குரும்பி மருந்தின் குப்பிக்கான விதிமுறை, அந்தக் கடினச் சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் 'ஓட்டை' என்று பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லையும் அச்சிடச் சொல்கிறது. தாய்மொழியில் படிப்பவருக்கே விளக்கம் தேவை என்று அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட அட்டவணை மொழிகள் உள்ள நாட்டில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு இடமில்லை என்பது தொழில்நுட்பச் சிக்கல் அன்று, அலட்சியம். 'காதில் சீழ் வடிந்திருந்தாலோ ஜவ்வில் ஓட்டை இருந்தாலோ விடக்கூடாது' என்ற வரி, விற்கும் மாநிலத்தின் மொழியில், பெயருக்கு அடுத்துப் பெரிய எழுத்தில் வரவேண்டும். பெயரும் மாறவேண்டும்: 'குரும்பி இளக்கி', 'காது உலர்த்தி' என்று தொழிலைச் சொல்லும் பெயர்கள், 'காது மருந்து' என்ற மூடாக்கைவிட நேர்மையானவை.

தகாத மருந்து உள்ளே போய்விட்டால் செய்யவேண்டியது கொஞ்சம்தான். நிறுத்தவேண்டும், அந்தக் காதைக் கீழ்நோக்கிச் சாய்த்து வடியவிடவேண்டும். 'கழுவிவிடலாம்' என்று நீர் பீய்ச்சக்கூடாது; நீரும் அதே ஓட்டை வழியே கிருமியோடு உள்ளே போகும். வெதுவெதுப்பான எண்ணெயும் அப்படியே. தலைச்சுற்றலோ, இரைச்சலோ, கேள்விக் குறைவோ இருந்தால் அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்க் கேள்வித்திறன் சோதனை செய்துகொள்ளவேண்டும். ஓட்டையுள்ள காதில் குரும்பியை மருத்துவர் கருவியாலோ மென்மையான உறிஞ்சியாலோ உலர்ந்த நிலையிலேயே எடுப்பார். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு போதும். அறையாலோ குச்சியாலோ விழுந்த சிறு ஓட்டைகள், நனையாமல் காத்தால், பெரும்பாலும் சில வாரங்களில் தாமே மூடிக்கொள்ளும். அந்த வாரங்களில் அவற்றுக்குத் தேவை எந்தச் சொட்டும் விழாத ஓய்வு மட்டுமே.

அந்த மாணவருக்குச் சுற்றல் நின்றுவிடலாம். உயர்ந்த சுருதிகள் வலக்காதுக்குத் திரும்புமா என்பதைச் சோதனைதான் சொல்லும். கடையில் அரை நிமிடம் செலவழித்துக் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது: 'தம்பி, இந்தக் காது எப்போதாவது வடிந்ததுண்டா?'