காப்பீட்டுத் தொகை ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அறுவடைப் பரிசோதனைப் படிவத்தைக் கேளுங்கள்



சம்பா, தாளடி அறுவடை முடிந்து சில மாதங்கள் கழித்து ஒவ்வோர் ஆண்டும் ஒரே பேச்சுதான். பக்கத்துக் கிராமத்துக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வந்துவிட்டது, நமக்கு ஏன் வரவில்லை? ஒரே மழை, ஒரே வாய்க்கால், வயலும் அடுத்தடுத்துதான். இந்தக் கோபத்தோடு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு போடுபவர்கள் இப்போது அதிகம். ஆனால் பெரும்பாலான மனுக்கள் வெறும் பதில் கடிதத்தோடு முடிந்துவிடுகின்றன.

ஒரு விவசாயி எனக்குக் காட்டிய மனுவில் மூன்று கேள்விகள் இருந்தன. "எங்கள் ஊருக்கு ஏன் இழப்பீடு தரவில்லை? இதற்கு யார் பொறுப்பு? எப்போது தருவீர்கள்?" முப்பது நாள் காத்திருந்து அவர் பெற்ற பதில் ஒரே வரி: "கேட்கப்பட்டவை தகவல் என்ற வரையறைக்குள் வராது." அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் சட்டப்படி அந்தப் பதிலில் தவறு காண்பது கடினம்.

காரணம் இதுதான். 2005-ம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கோப்பில் இருக்கும் பதிவை நம் கையில் கொடுக்கச் சொல்கிறது. புதிதாக விளக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. "ஏன்" என்ற கேள்விக்கான பதில் தகவல் ஆகாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008-ல் கூறியது. கையில் இல்லாத தகவலைத் திரட்டித் தரவோ, கருத்துச் சொல்லவோ அலுவலகத்துக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-ல் தெளிவுபடுத்தியது.

அதனால் நம் "ஏன்" எந்தக் காகிதத்தில் ஒளிந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பதில் இருக்கும் காகிதம் எது?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பரவலான மகசூல் இழப்புக்கு உங்கள் தனி வயலைப் பார்த்து இழப்பீடு கணக்கிடுவதில்லை. உங்கள் ஊர் அடங்கிய காப்பீட்டு அலகு முழுவதற்கும் ஒரே கணக்குதான். அந்த அலகில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, நெல்லுக்கு 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் ஏழரை மாவில், 400-ல் ஒரு பங்கு. ஆகவே அந்தக் கட்டத்தில் ஒரு கிலோ கூடினால் கணக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும்.

இன்னொரு பக்கம் உத்தரவாத மகசூல் இருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள். நடப்பு மகசூல் அதைவிட எத்தனை சதவீதம் குறைகிறதோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் இழப்பீடு. குறையாவிட்டால் ஒன்றும் கிடையாது.

புரிவதற்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. ஐந்து ஆண்டுச் சராசரி 5,000 கிலோ, அதில் 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 4,000 கிலோ. நான்கு பரிசோதனைகளில் உலர் எடை 8, 7.5, 9, 11.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 9 கிலோ; 400-ஆல் பெருக்கினால் 3,600 கிலோ. குறைவு 10 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஹெக்டேருக்கு 80,000 ரூபாய் என்றால் இழப்பீடு 8,000 ரூபாய்.

இப்போது நான்காவது படிவத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறீர்கள். அதில் இருப்பது 7.5 கிலோ, பட்டியலுக்கு மாற்றி எழுதும்போதுதான் 11.5 ஆகியிருக்கிறது. சராசரி 8 கிலோவாகக் குறையும், மகசூல் 3,200 கிலோ ஆகும், குறைவு 20 சதவீதம், இழப்பீடு 16,000 ரூபாய். ஒரே படிவத்தில் நான்கு கிலோ மாறியதால் ஊர் முழுவதற்கும் இழப்பீடு பாதியாகிவிட்டது. இந்தப் பிழை "ஏன் தரவில்லை" என்ற கேள்விக்கு ஒருபோதும் வெளியே வராது. படிவத்தின் நகலைக் கேட்டால்தான் தெரியும்.

மனுவில் என்ன எழுதுவது?

கிராமம், பயிர், பருவம், ஆண்டு நான்கையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பிறகு இந்த ஐந்தை மட்டும் கேளுங்கள்:

1. மேற்படி கிராமம் எந்தக் காப்பீட்டு அலகில் சேர்க்கப்பட்டது என்பதைக் காட்டும் அறிவிக்கையின் நகல்.

2. அந்த அலகில் பரிசோதனைக்குத் தேர்வான வயல்களின் புல எண், பரிசோதனை நடந்த தேதி ஆகியவை அடங்கிய பட்டியலின் நகல்.

3. ஒவ்வொரு பரிசோதனைக்கும் வயலில் நிரப்பப்பட்ட படிவத்தின் சான்றிட்ட நகல்.

4. உத்தரவாத மகசூல் கணக்கிட எடுத்துக்கொண்ட ஏழு ஆண்டு மகசூல் அட்டவணையின் நகல்.

5. அந்த அலகின் நடப்பு மகசூலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதம், இணைப்புகளின் நகல்.

ஐந்திலும் "ஏன்" இல்லை, "யார் தவறு" இல்லை. ஒவ்வொன்றும் பெயர் சொல்லக்கூடிய ஒரு காகிதம். இருந்தால் தர வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தர வேண்டும். பரிசோதனைப் படிவமே இல்லை என்று கையெழுத்துப் போட்டு ஒரு பதில் வந்தால், அதுவே உங்களுக்கு வலுவான ஆதாரம்.

"கடந்த பத்து ஆண்டுகளில் மாவட்டம் முழுவதும்" என்று அகலமாகக் கேட்காதீர்கள். அதைத் திரட்ட அலுவலக வேலையே நின்றுவிடும் என்று சொல்லி, நீங்கள் கேட்ட வடிவில் தராமல் விடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்ற விவசாயிகளின் வங்கிக் கணக்கு, அவர்கள் பெற்ற தொகை போன்ற சொந்த விவரங்களையும் கேட்க வேண்டாம். 8(1)(j) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். 2023-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கியிருக்கிறது. "வயல் உரிமையாளர் பெயரை மறைத்துவிட்டு மற்றதைத் தரவும்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். 10-ம் பிரிவு அதற்கு வழி செய்கிறது.

காகிதம் வேளாண் துறையிடம் இருக்கிறதா, புள்ளியியல் துறையிடம் இருக்கிறதா என்று அலைய வேண்டாம். வேளாண் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கே அனுப்புங்கள். தன்னிடம் இல்லாததை உரிய துறைக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்பி, அதை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதவும் தேவையில்லை.

நாகப்பட்டினத்து மனுவை அப்படியே நகல் எடுக்காதீர்கள்

நம்மைச் சுற்றி நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் இருப்பதால், அங்கே எழுதிய மனுவைப் பார்த்து எழுதுவது வழக்கம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு மனுவில் ஒட்டும் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை இங்கே ஒட்டி அனுப்பினால் சிக்கல் வரும். பத்து ரூபாய்க்கு அஞ்சலகத்தில் போஸ்டல் ஆர்டர் வாங்கி இணையுங்கள். யார் பெயருக்கு எடுப்பது என்பதை அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை; சான்றின் நகலை இணைத்தால் போதும். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அந்தத் தொகையைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் தாமதிக்காதீர்கள். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை முப்பது நாள் கணக்கில் சேராது.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த முப்பது நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எண்ணைக் குறிப்பிட்டால் போதும். அவருக்கு 30 நாள், அதிகபட்சம் 45 நாள். அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாட்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. தமிழ்நாட்டு விவசாயிகள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போவார்கள். நமக்குத் தனி ஆணையம் கிடையாது. புது டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டும். அங்கே முறை வரப் பல மாதங்கள் ஆகலாம். அதனால்தான் முதல் மனுவிலேயே மறுக்க முடியாதபடி கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

நகல் வந்ததும் எதைப் பார்ப்பது?

முதலில் தேதி. படிவத்தில் பரிசோதனை நடந்ததாக எழுதிய நாளில் அந்தப் புல எண்ணில் கதிர் நின்றதா, அதற்கு முன்பே இயந்திரம் அறுத்துவிட்டதா என்று அந்த வயல்காரரைக் கேளுங்கள். அறுத்தவரின் ரசீதோ கொள்முதல் நிலையச் சீட்டோ இருந்தால் வாங்கி வையுங்கள். அடுத்து ஈர எடையும் உலர் எடையும். கணக்கில் ஏறியது எது என்று பாருங்கள். ஈர நெல் எடை அப்படியே ஏறியிருந்தால் மகசூல் கூடித் தெரியும். பிறகு உத்தரவாத மகசூலும் நடப்பு மகசூலும் ஒரே கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசுப் புள்ளிவிவரங்களில் மகசூல் அரிசியாகவும் எழுதப்படுவது உண்டு. ஒன்று நெல்லாகவும் மற்றொன்று அரிசியாகவும் இருந்தால் ஒப்பிடவே முடியாது. கடைசியாக நான்கு எடைகளையும் கூட்டி, வகுத்து, 400-ஆல் பெருக்கி, கடிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் அலகில் மகசூல் உண்மையிலேயே குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உங்கள் ஒரு வயல் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கு வழி வேறு: 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும். பிழை இருந்தால், இந்த மனு தானாகப் பணம் வாங்கித் தராது. நகல்களை இணைத்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்க் குழுவுக்கு எழுதுங்கள். 14447 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துவையுங்கள்.

அடுத்த பருவத்துக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரில் கயிறு கட்டி அறுக்கும் நாளில் வயலுக்குப் போய் நில்லுங்கள். தராசில் காட்டும் எடையை, தேதியோடும் புல எண்ணோடும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு மனு போட்டு வாங்கும் படிவத்தை அந்த நோட்டோடு ஒத்துப்பார்க்க ஐந்து நிமிடம் போதும்.