திருத்தியவர் அழித்தது எதை?

ஐதராபாத்தில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர் ஒருவர், தமிழரான தம் நெறியாளருக்கு அனுப்புவதற்காகக் கைப்பேசியில் ஒரு செய்தியைத் தட்டச்சிட்டார். அதன் முதல் வடிவம் இது:

“ஐயா, அப்பா நெல் மூட்டை ஏத்தும்போது வழுக்கி விழுந்துட்டார். இடுப்புல அடி. அம்மாவால தனியா தூக்கி உக்கார வைக்க முடியல. நாளைக்கு ராத்திரி வண்டில கெளம்புறேன். மூணாவது இயல் பாதிதான் முடிஞ்சிருக்கு. மிச்சத்த அங்கயே உக்காந்து எழுதிருவேன்னு நெனைக்கிறேன், ஆனா உறுதியா சொல்ல முடியல. 15ஆம் தேதி கூட்டத்துக்கு வரமுடியாது. திட்டுங்க, பரவால்ல, ஆனா கோவிச்சுக்காதீங்க.”

விடுதியின் மூத்த ஆய்வாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, “பேராசிரியருக்கு இப்படியா எழுதுவது?” என்று கேட்டார். பத்து நிமிடத்தில் திருத்தியும் கொடுத்தார்:

“மதிப்பிற்குரிய நெறியாளர் அவர்களுக்கு வணக்கம். எதிர்பாராத குடும்பச் சூழல் காரணமாகச் சொந்த ஊருக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் ஏற்பட்டுள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆய்வேட்டுப் பணிகள் தொய்வின்றி மேற்கொள்ளப்படும் என உறுதியளிக்கிறேன். எதிர்வரும் கூட்டத்தில் பங்கேற்க இயலாமைக்கு வருந்துகிறேன். தங்களின் மேலான ஒத்துழைப்பை நாடுகிறேன்.”

இரண்டாவது வடிவமே அனுப்பப்பட்டது. “தகவல் பெறப்பட்டது” என்று ஒரே வரியில் பதில் வந்தது. மாணவர் மனம் நொந்தார். நெறியாளரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் தமக்கு வந்த குரலிலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

திருத்தம் என்ற பெயரில் இங்கே நடந்ததைக் கணக்கெடுக்க வேண்டும். தந்தை மறைந்து ‘குடும்பச் சூழல்’ ஆனார். இடுப்பில் பட்ட அடி போயிற்று. தூக்கி உட்காரவைக்க முடியாமல் தவிக்கும் தாயும் போய்விட்டார். கூட்டத்தின் தேதி, முடிந்த இயலின் அளவு, கிளம்பும் நாள் ஆகிய மூன்றும் போயின. ஒரு நெறியாளர் முடிவெடுக்கத் தேவையான செய்திகள் அவைதாம். இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று மாணவர் நேர்மையாக எழுதியதைத் திருத்தியவர் ‘உறுதியளிக்கிறேன்’ என்று மாற்றினார். அலங்காரத்துக்காகச் சேர்த்த அந்த ஒரு சொல், மாணவர் கொடுக்காத வாக்குறுதியை அவர் தலையில் கட்டிவிட்டது. அடுத்த மாதம் இயல் முடியாவிட்டால், வாக்குத் தவறியவர் என்ற பெயர் திருத்தியவருக்கு வராது.

இந்த நோயின் மூலம் பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பத்தில் இருக்கிறது. எழுத்து என்றாலே அது விண்ணப்பம் என்றும், விண்ணப்பம் என்றாலே தன்னை மறைத்துக்கொள்வது என்றும் சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். அப்படிப் பழகியவர்கள் வினையைக் கண்டால் பெயராக்குகிறார்கள். ‘வரமுடியாது’ என்பது ‘பங்கேற்க இயலாமை’ ஆகிறது. ‘எழுதுவேன்’ என்பது ‘பணிகள் மேற்கொள்ளப்படும்’ ஆகிறது. எழுதப்போகிறவர் யார் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் விடையே இல்லை. செய்கிறவரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிட்டு, அதற்குப் பணிவு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சம்பிரதாய மொழி ஒரு கவசம், அதை இழந்தால் ‘எழுதத் தெரியாதவர்’ என்ற ஏளனத்துக்கு ஆளாவார்கள் என்பார்கள். ஏளனம் உண்மைதான். ஆனால் ஏளனத்துக்குக் காரணமாவது பேச்சின் எழுத்துக்கூட்டல். சொல்லப்பட்ட செய்தியோ அதன் ஒழுங்கோ காரணமல்ல. தமிழுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ‘விழுந்துட்டார்’ என்பதை ‘விழுந்துவிட்டார்’ என்று எழுதினால் ஒருவருடைய குரல் மாறாது. வடிவம் மட்டுமே எழுத்துக்கு ஏறும். மரியாதையும் ‘ஐயா’விலும் ‘திட்டுங்கள்’ என்ற விகுதியிலும் முழுமையாகவே இருக்கிறது. ‘மேலான ஒத்துழைப்பு’ அதில் ஓர் அணுவும் கூட்டுவதில்லை.

எனவே செய்திருக்க வேண்டிய திருத்தம் இவ்வளவே:

“ஐயா, வணக்கம். அப்பா நெல் மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. அம்மாவால் தனியாகத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. நாளை இரவு வண்டியில் கிளம்புகிறேன். 15ஆம் தேதிக் கூட்டத்துக்கு வரமுடியாது. மூன்றாவது இயல் பாதிதான் முடிந்திருக்கிறது. மிச்சத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுவேன் என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திட்டுங்கள், பரவாயில்லை, ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.”

விகுதிகள் எழுத்து வழக்குக்கு வந்தன. ‘வணக்கம்’ ஒன்று சேர்ந்தது. கூட்டத்துக்கு வரமுடியாத செய்தி, பயணச் செய்திக்குப் பக்கத்தில் நகர்ந்தது. நெறியாளர் முதலில் தேடுவது அதைத்தான். மற்றவை தொடப்படவில்லை. ‘பாதிதான்’ என்பதிலுள்ள ‘தான்’ மாணவரின் குற்றவுணர்வைச் சுமக்கிறது. ‘அங்கேயே’ என்பதன் ஏகாரம் அவருடைய பிடிவாதம். ‘நினைக்கிறேன்’ என்பது அவருடைய நேர்மை. தான், கூட, ஏ, ஓ போன்ற சிறு சொற்களையும் இடைச்சொற்களையுமே திருத்துகிறவர்கள் முதலில் களைகிறார்கள். ஆனால் தமிழில் ஒருவருடைய குரல் பெரும்பாலும் குடியிருப்பது அவற்றில்தான். கடைசி வாக்கியம் அந்த இருவருக்கும் இடையே பல ஆண்டுகளில் வளர்ந்த உறவு. அதை வேறெவரும் எழுதியிருக்க முடியாது. ஆகவே அதை வெட்டும் உரிமையும் வேறெவருக்கும் இல்லை.

பிறர் சொல்லை எழுத்தாக்குகிறவருக்குரிய ஒழுக்கத்தை இந்நாட்டுச் சட்டம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. காவல் நிலையத்தில் ஒருவர் வாய்மொழியாகத் தரும் புகாரை எழுதிக்கொண்டபின், அதை அவருக்கே படித்துக்காட்ட வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மரண வாக்குமூலத்தைக் குறித்து 1957இல் குஷால் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கருத்தைச் சொன்னது. நடுவர் ஒருவர் கேள்வி-பதிலாக, இயன்றவரை சொல்பவரின் சொற்களிலேயே பதிவுசெய்த வாக்குமூலத்துக்கு மதிப்பு மிகுதி என்பது அதன் சாரம். இந்த விதிகள் நடைமுறையில் மீறப்படுவதுண்டு என்பது வேறு கதை. சொல்பவரின் சொல்லிலேயே உண்மையின் எடை இருக்கிறது என்ற அறிவு அவற்றின் அடியில் இருக்கிறது. நண்பரின் செய்தியைத் திருத்துகிறவர் அந்த அறிவைக் கடன்வாங்கினால் போதும்.

நடைமுறையில் அது கடினமன்று. திருத்தியதை எழுதியவரிடம் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். எந்த இடத்தில் அவர் சிரிக்கிறாரோ, எந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்கிறாரோ, அந்த இடத்தில் திருத்தம் தவறிவிட்டது. அடுத்து, மூலத்திலிருந்த ஆட்கள், எண்கள், ஐயங்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய வடிவில் அவற்றில் ஒன்று குறைந்தாலும் அது திருத்தமன்று, திருட்டு.

பதிவாளருக்குப் போகும் விண்ணப்பத்துக்கு ஒரு படிவம் உண்டு. அங்கே பொருள், பார்வை, பதிவெண் எல்லாம் வேண்டும். அந்தக் கடிதத்தைப் படிப்பது ஒரு கோப்பு. நெறியாளருக்குப் போகும் செய்தியைப் படிப்பது ஒரு மனிதர். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர், மொழி எவ்வளவு கற்றிருந்தாலும், பிறருடைய வாக்கியத்தில் கைவைக்கத் தகுதியற்றவர். அந்த நெறியாளருக்கு இன்றுவரை தெரியாது, ஓர் இடுப்பு முறிந்ததா இல்லையா என்று அவர் கேட்டிருக்க வேண்டும் என்பது.