சிவப்பு எழுத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்தலாமா?

ரத்தப் பரிசோதனை முடிவு இப்போதெல்லாம் டாக்டர் சொல்வதற்கு முன்னே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் அதைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். பெரியவர்களோ சிவப்பு எழுத்தைக் கண்டு சோறு இறங்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அப்படி ஒரு படம் நம் பார்வைக்கும் வந்தது. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவருடையது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். Potassium 5.8 H என்று சிவப்பில் இருந்தது. பக்கத்தில் 3.5–5.1. "பொட்டாசியம் ஏறினா நெஞ்சு நின்னுடுமாமே" என்று யாரோ சொல்லி வைக்க, மனிதர் வாழைப்பழத்தையும் விட்டார், மாத்திரையையும் விட்டார்!

H என்றால் பக்கத்திலுள்ள அளவுக்கு மேல் என்று பொருள். L என்றால் கீழே. அந்த அளவே பெரும்பாலும் சுகமாயிருக்கும் 100 பேரில் நடுவிலுள்ள 95 பேரை வைத்துப் போட்டதுதான். மீதி 5 பேரும் சுகமானவர்களே. ஆகவே H என்பது நோயின் பெயர் அல்ல.

ஆனால் 5.8 என்பதை அப்படித் தள்ளிவிடவும் முடியாது. நாம் அந்தப் படத்தைக் கீழே தள்ளிப் பார்த்தோம். பொடி எழுத்தில் Sample haemolysed என்று இருந்தது. எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்பது அதன் அர்த்தம். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல் உண்டு. ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ அணு உடையும். உள்ளே இருந்தது வெளியே கொட்டும். தோட்டத்துப் பக்கம் எடுத்த ரத்தம் பட்டணத்து லேபுக்குப் போய்ச் சேர மணிக்கணக்கானால், அணு உடையாமலே கசிவதும் உண்டு. கணக்கு ஏறியது குழாயில். உடம்பில் ஏறியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து Creatinine வரியைப் பார்க்க வேண்டும். அது சிறுநீரகத்தின் கணக்கு. இவருக்கு அது அளவுக்குள் இருந்தது. கொஞ்சம் ஆறுதல்தான், ஆனால் முடிவு அல்ல. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில மெய்யாகவே பொட்டாசியத்தை ஏற்றும். உண்மை எதுவென்று மறுபடி ரத்தம் எடுத்தால்தான் தெரியும். அதையும் அன்றைக்கே எடுக்க வேண்டும். கை கால் தளர்ந்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, சிறுநீரக நோய் இருந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்த அறிகுறியும் காட்டாமலே பொட்டாசியம் ஏறியிருப்பதும் உண்டு.

மறு பரிசோதனையில் இவருக்கு 4.3 வந்தது. ஆனால் மாத்திரை இல்லாத நாலு நாளில் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டிருந்தது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாட்சாப்பில் பேசுகிறவர்கள் அல்ல.

லேப்காரர்களையும் நாம் கேட்கிறோம். H என்பதைச் சிவப்பில் போட மை இருக்கிறது. ரத்தம் கெட்டுப்போன சேதியை மட்டும் ஏன் பொடி எழுத்தில் கடைசியில் போடுகிறீர்கள்? இரண்டையும் ஒரே வரியில் போடுங்கள். அதையும் தமிழிலோ மலாயிலோ போடுங்கள்.