“சமன்பாடு என்ன சேர்?”

யாழ்ப்பாண மாவட்டத்தில எத்தனை சலூன் இருக்கும்? இந்தக் கேள்வியை ஏ.எல் கணிதப் பிரிவில நல்ல பெறுபேறு எடுத்த பத்துப் பேரிட்ட கேட்டுப் பாருங்கோ. ரெண்டு பேர் “கூகிளில பார்க்கலாமே” என்பினம். ஒருத்தர் சும்மா “ஆயிரம்” என்பார். மிச்ச ஏழு பேரும் பேசாமல் இருப்பினம். வகையிடலும் தொகையிடலும் தெரிஞ்ச பிள்ளைகள், பெருக்கலும் பிரித்தலும் மட்டும் தேவைப்படுகிற கேள்வியில வாயடைச்சுப் போய் நிற்கிறதை நாங்கள் தற்செயல் என்று நம்பவில்லை. அந்த மௌனம் பழக்கப்பட்ட மௌனம். “எந்த அலகு? எந்தச் சமன்பாடு?” என்ற ரெண்டுக்கும் விடை தெரிஞ்ச பிறகுதான் பேனையைத் தூக்கவேணும் என்று பத்து வருசமாய்ச் சொல்லிக் குடுத்தாயிற்று. இந்தக் கேள்விக்கு அலகும் இல்லை, சமன்பாடும் இல்லை.

சரி, செய்து பார்ப்பம். வாய் திறந்து, தமிழிலயே.

மாவட்டத்தில ஏறத்தாழ 6 இலட்சம் பேர். ஆம்பிளையள் 3 இலட்சம் என்று வைப்பம். சின்னக் குழந்தைகள், வீட்டிலயே வெட்டிக்கொள்ளுற ஆக்கள், வெட்ட ஒண்டும் இல்லாத பெரியவர்கள் எல்லாரையும் கழிச்சால் இரண்டரை இலட்சம். பெடியள் ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் போவாங்கள், அப்பாமார் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கால். பொதுவாய் 5 கிழமைக்கு ஒருக்கால் என்று எடுப்பம். அப்ப கிழமைக்கு 50,000 தலைகள்.

இனி மற்றப் பக்கம். ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை தலை வெட்டுவார்? இங்கதான் எல்லாரும் நிற்கிறது. “தெரியாது” என்று நிற்கிறதை விட, எது நிச்சயமாய்ப் பிழை என்று கேட்டால் வழி திறக்கும். 5க்குக் குறைஞ்சால் கடை வாடகையே கட்டேலாது. 20க்கு மேல போனால் சாப்பிட நேரம் இராது. 5க்கும் 20க்கும் இடையில எதை எடுக்கிறது? கூட்டி ரெண்டால பிரிச்சுப் பன்னிரண்டரை எண்டாதேங்கோ. 5ஐ இரட்டிச்சால் 10, 10ஐ இரட்டிச்சால் 20. ரெண்டு கரையில இருந்தும் ஒரே மடங்கு தூரத்தில நிற்கிறது 10தான். மடங்குக் கணக்கில பிழைக்கிற இடத்தில மடங்கு நடுவைத்தான் எடுக்கவேணும். நாளைக்கு 10, கிழமைக்கு ஆறு நாள் எண்டால் 60. ஐம்பதாயிரத்தை அறுபதால பிரிச்சால் முடி வெட்டுறவர்கள் 830 பேரளவில. கடைக்கு ரெண்டு பேர் எண்டால் 400 சொச்சம் சலூன்.

கணக்கு முடிஞ்சுது என்று எழும்பிப் போகவேண்டாம். எங்கட சண்டையின் முக்கால்வாசி இந்த இடத்தைப் பற்றினது. விடை வந்த பிறகு அதை இன்னொரு வழியால தட்டிப் பார்க்க எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. மாக்கிங் ஸ்கீம் இருக்கேக்க அது ஏன் என்றாச்சு. இங்க ஸ்கீம் இல்லை. ஆனால் யாழ் மாவட்டத்தில 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கு. எங்கட விடை சரியெண்டால் சராசரியாய் ஒரு விதானையார் பிரிவுக்கு ஒரு சலூன். உங்கட பிரிவை மனசுக்குள்ள ஒருக்கால் சுத்தி வாங்கோ. ரவுண் பக்கம் எண்டால் நாலைஞ்சு நிற்கும், தீவுப் பக்கம் சில பிரிவுகளில ஒண்டும் இராது. ஒண்டு என்ற சராசரி நம்பக்கூடியதாய் இருக்கு. யாராவது “எல்லாரும் கிழமைக்கு ஒருக்கால் வெட்டுவினம்” என்று தொடங்கியிருந்தால் 2000 சலூன் வந்திருக்கும், பிரிவுக்கு ஐஞ்சு. தங்கட ஊரைத் தெரிஞ்ச எவருக்கும் அது உறுத்தும். உறுத்தினவுடனே திரும்பிப் போய் எந்தப் படி பொய் சொல்லுது என்று தேடலாம், ஏனெண்டால் படிகளைச் சத்தமாய்ச் சொல்லியிருக்கிறம். சும்மா “ஆயிரம்” எண்டவருக்குத் திரும்பிப் போக இடமில்லை.

இத்தனை குத்துமதிப்பைப் பெருக்கினால் பிழையும் பெருகாதோ என்பது நியாயமான கேள்வி. ஒரு படியில கூடவும் இன்னொரு படியில குறையவும் சொல்லியிருப்பம். பெரும்பாலும் ஒண்டை ஒண்டு தின்னும். ஆனால் எல்லாப் படியிலயும் ஒரே பக்கம் சாய்ஞ்சால் தின்னாது, குவியும். ரெண்டாவது வழி தேவைப்படுகிறது அதைப் பிடிக்கத்தான். இந்த வகைக் கணக்குக்குத் தன் பெயரைத் தந்த என்ரிக்கோ பெர்மி, 1945இல் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது கடதாசித் துண்டுகளைக் கையிலிருந்து விழவிட்டு, வெடிப்பின் காற்று அவற்றை எவ்வளவு தூரம் தள்ளினது என்று பார்த்து, பத்தாயிரம் தொன் ரி.என்.ரி என்று மதிப்பிட்டார். உண்மை இருபதாயிரத்துக்குச் சற்று மேல. ரெண்டு மடங்குப் பிழை. எங்கட வகுப்பில அதுக்குப் பூச்சியம்.

தர்க்கப் புதிர்களிலயும் இதே கதைதான். ஒன்பது நாணயம், ஒண்டு மட்டும் பாரம் கூட, தராசு ஒண்டு. ஆகக்குறைஞ்சது எத்தனை நிறுவை? கை தானாய் நாலுக்கு நாலு என்று போகும். அதோட கடைசியில மூண்டாவது நிறுவையும் தேவைப்பட்டுவிடும். “பாதியாய்ப் பிரி” என்று மனப்பாடம் இருக்கிறதால வாற வினை இது. தராசு எத்தனை விதமாய்ப் பதில் சொல்லும் என்று வாய்விட்டுக் கேட்டால் போதும்: இடம் தாழும், வலம் தாழும், சமனாய் நிற்கும். மூண்டு பதில் தாற ஆளிட்ட ஏன் ரெண்டாய்ப் பிரிச்சுக் கேட்கிறம்? மூண்டு மூண்டாய்ப் பிரி, மூண்டுக்கு மூண்டு வை. எந்தப் பதில் வந்தாலும் மிஞ்சுறது மூண்டு நாணயம். அதில ஒண்டுக்கு ஒண்டு வைச்சால் ரெண்டாவது நிறுவையில முடிஞ்சுது. மூண்டு நிறுவை தந்தால் 27 நாணயம் வரைக்கும் போகலாம்.

எங்களோட மல்லுக்கட்ட நினைக்கிறவர்கள் கூகுளைக் கொண்டுவருவினம். அங்க ஆளணிப் பொறுப்பில இருந்த லஸ்லோ பொக் 2013இல், இப்படியான புதிர்க் கேள்விகள் நேர்முகத்தில நேரவிரயம், கேட்கிறவர் தன்னைக் கெட்டிக்காரனாய் உணரத்தான் உதவும் என்ற பொருளில சொன்னது உண்மை. அதோட எங்களுக்குச் சண்டை இல்லை. கொழும்பில ஒரு கொம்பனி நேர்முகத்தில எங்கட பிள்ளை ஒருத்தியிட்ட இப்படி ஒண்டைக் கேட்டிட்டு, கையில இருந்த தாளில விடையைச் சரிபார்த்தவையாம். இலக்கத்தை மட்டும் சரிபார்க்கிறதெண்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லை. அதிலயும் அவள் தமிழில யோசிச்சு ஆங்கிலத்தில கதைக்கவேண்டியிருந்தது. யோசனை ஓடிக்கொண்டிருந்த நேரத்தை அவை “பதில் இல்லை” என்று குறிச்சிருப்பினம். ஆளைக் கழிக்கிற வடிகட்டியாய் இந்தக் கேள்விகள் உதவாது. வகுப்பில, மாக்ஸ் இல்லாமல், தப்பாய்ச் சொன்னாலும் அடுத்தவன் திருத்துற மாதிரி, சொந்த மொழியில கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

“சிலபஸ் முடிக்கவே நேரமில்லை” என்று சொல்லுற ரியூசன் சேர்மாருக்கு: சலூன் கணக்குக்கு எங்களுக்குப் பிடிச்சது பதினைஞ்சு நிமிசம். உங்கட பேப்பர் கிளாஸ் நாலு மணித்தியாலம் ஓடுது.